தம்பிக்கு எத்தனை காசு கூடுதல்?

2011-இல் பிரிட்டிஷ் விளையாட்டு வடிவமைப்பாளர் மார்ட்டின் வாலஸ் 'எ ஃபியூ ஏக்கர்ஸ் ஆஃப் ஸ்னோ' என்ற பலகை விளையாட்டை வெளியிட்டார். 18-ஆம் நூற்றாண்டு வட அமெரிக்காவுக்காகப் பிரிட்டனும் பிரான்சும் மோதிக்கொண்ட கதை. இருவர் ஆடலாம். ஆளுக்கொரு சீட்டுக்கட்டு. ஊர்களைப் பிடிக்கப் பிடிக்க அந்த ஊர்ச் சீட்டுகள் கட்டில் வந்து சேரும். வெளியானதும் பாராட்டுகள் குவிந்தன. வாலஸ் புதியவரும் அல்லர், அதற்கு முன்பே பல வெற்றிகரமான விளையாட்டுகளை உருவாக்கியவர்.

சில மாதங்களில் விளையாட்டாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். பிரிட்டன் பக்கம் ஆடுபவர் வரைபடத்தில் இருக்கும் மற்ற ஊர்களை எல்லாம் மறந்துவிட வேண்டும். ஆரம்பத்திலேயே ஹாலிஃபாக்ஸில் குடியேற வேண்டும். கட்டில் சீட்டுகளைக் கூட்டாமல் ஒல்லியாக வைத்துக்கொண்டு, கிடைக்கும் பணத்தை எல்லாம் படைச் சீட்டுகளில் போட வேண்டும். அங்கிருந்து லூயிஸ்பர்க் மீது முற்றுகை, அது விழுந்ததும் கியூபெக் மீது முற்றுகை. கியூபெக் விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, வெற்றி பிரிட்டனுக்கு. பிரான்ஸ் பக்கம் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைத் தடுப்பது மிகக் கடினம். விளையாட்டாளர்கள் இதற்கு 'ஹாலிஃபாக்ஸ் சம்மட்டி' என்று பெயர் வைத்தார்கள். வாலஸ் விதிகளில் திருத்தங்கள் கொண்டுவந்தார். அப்படியும் சம்மட்டியின் பேச்சு ஓயவில்லை. (வரலாற்றில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான் என்பது ஒரு வேடிக்கை. ஹாலிஃபாக்ஸைக் கடற்படைத் தளமாக வைத்துப் பிரிட்டன் 1758-இல் லூயிஸ்பர்க்கையும் 1759-இல் கியூபெக்கையும் பிடித்தது.)

இப்படி எதிராளி என்ன செய்தாலும் வெல்லும் ஒற்றை வழியை 'உடைந்த உத்தி' என்கிறார்கள். உண்மையில் உடைந்திருப்பது உத்தி அல்ல, விளையாட்டுதான். அந்த வழி தெரிந்தபின் மற்ற சீட்டுகள், மற்ற ஊர்கள், மற்ற முடிவுகள் எல்லாம் அலங்காரமாகிவிடுகின்றன.

கை தேர்ந்த ஒருவருக்கே இது நடக்கிறது என்றால், காலண்டர் பின்னட்டையில் கட்டம் போட்டு, புளியங்கொட்டையைக் காசாக வைத்து வீட்டில் ஒரு விளையாட்டை உருவாக்குகிறவரின் பாடு என்ன? ஒரு வகையில் அவருக்கு வசதி அதிகம். அவருடைய விளையாட்டு சிறியது. பாதிப் பரிசோதனையைக் காகிதத்தில் கணக்குப் போட்டே முடித்துவிடலாம்.

ஒரு சின்ன விளையாட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் 'சந்தை'. அக்காவும் தம்பியும் ஆடுகிறார்கள், அக்காதான் முதலில் ஆடுவாள். ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது மூன்றில் ஒன்றைச் செய்யலாம். வேலை செய்தால் 2 காசு. 4 காசு கொடுத்தால் ஒரு கடை. அடுத்த முறையிலிருந்து ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் அந்தக் கடை 1 காசு வருமானம் தரும். 5 காசு கொடுத்தால் 3 புள்ளி உள்ள ஒரு சீட்டு. முதலில் 12 புள்ளி, அதாவது நான்கு சீட்டு, சேர்ப்பவர் வென்றார். இருவரும் வெறுங்கையோடு தொடங்குகிறார்கள்.

வெள்ளோட்டம் பார்க்க உட்காருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, நன்றாக ஆட முயல்வது. நன்றாக ஆடுகிறவர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுப்பார். கடை ஒன்று, சீட்டு ஒன்று, நடுவில் வேலை என்று நியாயமாகப் போவார். நியாயமான ஆட்டத்தில் ஓட்டைகள் கண்ணில் படா. சம்மட்டி போன்ற உத்தி பிறப்பது பிடிவாதத்தில். ஒரே காரியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை செய்கிறவர்தான் அதைக் கண்டுபிடிப்பார். அதனால் வெள்ளோட்டத்தில் ஆளுக்கொரு பிடிவாதத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். ஒருவர் கடையே வாங்கக் கூடாது. இன்னொருவர் எத்தனை கடை முடியுமோ அத்தனை வாங்க வேண்டும். மூன்றாமவர் கையில் காசு சேர்ந்த நொடியிலேயே சீட்டு வாங்க வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை, வழி மாறக் கூடாது.

'சந்தை'யில் இதைத் தனியாக உட்கார்ந்தே கணக்குப் போடலாம். கடையே வாங்காதவருக்கு 20 காசு சேர்க்கப் பத்து முறை வேலை, சீட்டு வாங்க நான்கு முறை, மொத்தம் 14. ஒரு கடை வாங்கினால் 13 முறையில் முடியும். இரண்டு கடை வாங்கினால் 12. வரிசை இப்படிப் போகும்: இரண்டு முறை வேலை, ஒரு கடை, மறுபடி வேலை, இன்னொரு கடை, பிறகு மூன்று முறை வேலை, கடைசி நான்கு முறையும் சீட்டு. கடைசிச் சீட்டை வாங்கும்போது கை சுத்தமாகக் காலி. மூன்று கடை வாங்கினால் ஒரே ஒரு காசு குறைந்து, முடிவு 13-ஆம் முறைக்குத் தள்ளிப்போகும். நான்கு கடைக்கும் 13 தான்.

இந்த எண்கள் நல்ல அறிகுறி. கடையே இல்லாத சோம்பல் வழிக்கும் சிறந்த வழிக்கும் இடையே இரண்டு முறைதான் வித்தியாசம். அளவுக்கு மீறிக் கடை வாங்கினாலும் பெரிய தண்டனை இல்லை. யோசிப்பவருக்குப் பலன் இருக்கிறது, ஆனால் யோசிக்காதவர் தொடக்கத்திலேயே செத்துப்போகவில்லை.

இப்போது உருவாக்கியவருக்கு ஒரு ஆசை வருகிறது. தொடக்கம் மந்தமாக இருக்கிறது, சந்தை என்றால் வட்டிக்காரர் இல்லாமலா? நான்காவதாக ஒரு செயலைச் சேர்க்கிறார். கடன் வாங்கினால் 5 காசு, ஆட்டம் முடிவதற்குள் 6 காசாகத் திருப்பிக் கட்ட வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. உருவாக்கியவர் மனதில் கடன் என்றால் கட்டியே ஆக வேண்டியது. அதனால் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று எழுத அவருக்குத் தோன்றவில்லை.

பிடிவாதக்காரரிடம் கொடுங்கள். கடன், சீட்டு, கடன், சீட்டு, கடன், சீட்டு, கடன், சீட்டு. எட்டே முறை. எதிராளி அப்போது இரண்டாவது கடையை வாங்கிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

இத்தகைய ஓட்டை உருவாக்கியவர் மேசையில் இருக்கும்வரை வெளியே வராது. யாராவது "கட்டலேன்னா?" என்று கேட்டால் "கட்டணும்ப்பா" என்று அவர் வாய் பதில் சொல்லிவிடும். அவருடைய வாய் விதிப்புத்தகத்தில் அச்சாகப் போவதில்லை. ஆகவே வெள்ளோட்டத்தின் ஒரு கட்டத்தில் விதித்தாளையும் பெட்டியையும் விளையாட்டை முன்பின் பார்த்திராத மூன்று பேரிடம் கொடுத்துவிட்டு, அவர் அறை மூலையில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். தப்பாக ஆடினாலும் திருத்தக் கூடாது. கையில் நோட்டு மட்டும். அவர்கள் எந்த வரியில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களோ அந்த வரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். சொந்தச் சமையலை மற்றவர் சாப்பிடும்போது முகத்தைப் பார்க்காமல் இருப்பதைவிட இது கடினம் என்பது இதைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

ஓட்டை தெரிந்தபின் அடைப்பது எப்படி? உடனே கடனையே நீக்கிவிடத் தோன்றும். அதற்கு முன் விலையைத் திருகிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்ற வேண்டும் என்பதுதான் இங்கே கட்டுப்பாடு. கடனின் அளவு, சீட்டின் விலை, கடையின் வருமானம் மூன்றையும் ஒன்றாக மாற்றினால், அடுத்த ஆட்டம் சரியாக வந்தாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

திருப்பிக் கட்டும் விதியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கடனுக்கும் இறுதிக் கணக்கில் 1 புள்ளி கழியும் என்று வைப்போம். கழித்தபின் 12 புள்ளி நிற்க வேண்டும். இப்போது வெறும் கடனும் சீட்டுமாக ஓடுகிறவருக்கு ஆறு கடன், ஆறு சீட்டு, மொத்தம் 12 முறை ஆகும். கடையின் சிறந்த வழிக்கும் அதே 12. அப்பாடா என்று நினைக்கும்போதுதான் மூன்றாவது வழி தலை நீட்டும். மூன்று கடன், இரண்டு கடை, ஐந்து சீட்டு, ஒரு நாள் வேலை என்று கலந்து ஆடுகிறவர் 11-ஆம் முறையில் முடித்துவிடுவார். தனித்தனியாகப் பார்க்கும்போது சமமாக இருந்த இரண்டு வழிகள் கூட்டுச் சேர்ந்ததும் முந்துகின்றன. பிடிவாதச் சோதனைக்குப் பிறகு கலவைச் சோதனையும் தேவைப்படுவது இதனால்தான்.

தண்டனையை 2 புள்ளியாக்கினால்? ஒரு கடன் வாங்கினாலே ஐந்தாவது சீட்டு தேவைப்படும். மிகச் சாமர்த்தியமாக ஆடினாலும் 13 முறை. அப்புறம் யாரும் கடன் பக்கம் போக மாட்டார்கள், வட்டிக்காரர் பெட்டிக்குள்ளேயே தூங்குவார். 1 புள்ளிக்குக் கொஞ்சம் மலிவு, 2 புள்ளிக்கு மிக விலை. உருவாக்கியவர் இங்கே முடிவெடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையாளரின் சாய்வு 1 புள்ளிப் பக்கம்தான், ஆளுக்கு இரண்டு கடனுக்கு மேல் இல்லை என்ற வரம்போடு. யாரும் தொடாத விதியைவிட எல்லாரும் தொட விரும்பும் விதி மேசையில் பேச்சை வளர்க்கும். வரம்பு போட்டபின் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

கடனை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பழைய 'சந்தை'க்கே திரும்புவோம். அதில் உடைந்த உத்தி இல்லை. ஆனாலும் தம்பி அழுதுகொண்டிருக்கிறான். இருவருமே சிறந்த வழியில் ஆடினால் இருவருக்கும் 12-ஆம் முறையில் முடியும். அக்கா முதலில் ஆடுவதால் அவளுடைய 12-ஆம் முறை முன்னதாக வந்துவிடுகிறது. ஒவ்வொரு ஆட்டமும் அவளுக்கே.

இரண்டாவது ஆளுக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது பழைய பழக்கம். ஊவே ரோசன்பெர்க் உருவாக்கிய 'அக்ரிகோலா'வில் முதலில் ஆடுபவருக்கு 2 உணவு, மற்றவர்களுக்கு 3. கோ விளையாட்டில் கறுப்புக் காய் முதலில் நகர்வதால் வெள்ளைக்கு ஈட்டுப் புள்ளிகள் உண்டு. ஜப்பானில் அது 5.5 ஆக இருந்து, 2000-களின் தொடக்கத்தில் 6.5 ஆக உயர்ந்தது, சீனாவில் 7.5. பல நூற்றாண்டுகளாக ஆடிவரும் விளையாட்டிலேயே அந்த எண்ணை அண்மைக் காலத்தில் திருத்த வேண்டி வந்திருக்கிறது. அந்த அரைப் புள்ளி சமநிலை முடிவைத் தவிர்க்க.

சரி, தம்பிக்கு 1 காசு கூடுதலாகக் கொடுப்போம். முதல் முறை வேலை செய்தபின் அவனிடம் 3 காசு. கடைக்கு 4 வேண்டும். இரண்டாம் முறையும் வேலைதான், மூன்றாம் முறைதான் கடை. அக்காவின் அதே கால அட்டவணை. கணக்கைக் கடைசிவரை போட்டாலும் 12 முறைக்குக் குறையவில்லை. அந்தக் காசால் கிடைத்த ஒரே லாபம், முன்பு ஒரு காசில் தவறிய மூன்று கடை வழியும் இப்போது 12-இல் முடியும் என்பது. வழி கூடியதே தவிர வேகம் கூடவில்லை. தம்பி தோற்கிறான்.

2 காசு கொடுத்தால்? முதல் முறை வேலை செய்ததும் கையில் 4. இரண்டாம் முறையிலேயே கடை திறந்துவிடுகிறான். முழுதாக ஒரு முறை மிச்சம். 11-ஆம் முறையில் அவன் முடித்துவிட, அக்கா 12-க்காகக் காத்திருப்பாள். இனி ஒவ்வொரு ஆட்டமும் தம்பிக்கே. 3 காசு கொடுத்தாலும் 11 தான், மூன்றாவது காசுக்கு மறுபடி மதிப்பில்லை.

முதல் காசுக்குச் சல்லி மதிப்பில்லை, இரண்டாவது காசு ஆட்டத்தையே புரட்டுகிறது. வீட்டு விளையாட்டுகளில் தொடக்க வளத்தைச் சரிசெய்ய முயல்கிறவர்களைக் குழப்புவது இந்தப் படிக்கட்டுதான். கொஞ்சம் கொடுத்தால் கொஞ்சம் நியாயமாகும், இன்னும் கொடுத்தால் இன்னும் நியாயமாகும் என்று சாய்வுப் பாதையை எதிர்பார்க்கிறோம். காசு எப்போது மதிப்புப் பெறும் என்றால், அது எதையாவது ஒரு முறை முன்னதாக வாங்கித் தரும்போதுதான். அதுவரை அது வெறும் புளியங்கொட்டை. எனவே தொடக்க வளத்தைத் தீர்மானிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, இதை வைத்து முதல் மூன்று முறைக்குள் என்ன வாங்க முடியும் என்பது.

'சந்தை'க்குக் காசில் மருந்து இல்லை. வேறு பொருளில் தேட வேண்டும். ஒருவர் 12 புள்ளியைத் தொட்டாலும் அந்தச் சுற்று முடியும்வரை ஆடலாம், இருவருமே தொட்டால் மிச்சக் காசு அதிகம் உள்ளவர் வெற்றி என்று மாற்றினால் முதல் ஆளின் சலுகை போய்விடும். ஆட்டம் இன்னும் பெரியதாக, இடங்களுக்குப் போட்டி இருப்பதாக இருந்தால் 'கட்டான்' வழி இருக்கிறது. ஜெர்மனியில் பல் தொழில்நுட்பராக இருந்த கிளாஸ் டாய்பர் உருவாக்கி 1995-இல் வெளிவந்த விளையாட்டு அது. அவருடைய முதல் வெள்ளோட்டக்காரர்கள் மனைவியும் பிள்ளைகளும். அதில் தொடக்கக் குடியிருப்புகளை வைக்கும்போது முதல் ஆள், இரண்டாம் ஆள் என்று நான்காம் ஆள்வரை போய், அங்கிருந்து அப்படியே திரும்பி வரும். நான்காம் ஆள் அடுத்தடுத்து இரண்டு வைப்பார், முதல் ஆள் கடைசியாகத் தன் இரண்டாவதை வைப்பார். நல்ல இடத்தை முதலில் எடுத்தவருக்கு அடுத்த தடவை மிச்சம் மீதிதான். தொடக்கப் பொருள்களும் அந்த இரண்டாவது குடியிருப்பைச் சுற்றியுள்ள நிலங்களிலிருந்தே கிடைக்கும். யாருக்கு எவ்வளவு என்று உருவாக்கியவர் எண் எதுவும் எழுதவில்லை, ஆடுகிறவர்களே தங்கள் தேர்வால் எழுதிக்கொள்கிறார்கள்.

இதே மனப்பான்மையின் இன்னும் சுருக்கமான வடிவம், வீட்டில் ஒரே மாம்பழத்தை இருவருக்குப் பங்கிடும் முறை. ஒருவர் வெட்டுவார், மற்றவர் முதலில் எடுப்பார். 'ஹெக்ஸ்' போன்ற விளையாட்டுகளில் முதல் ஆள் ஒரு காய் வைத்ததும், இரண்டாம் ஆள் விரும்பினால் பக்கத்தையே மாற்றிக்கொள்ளலாம். அதனால் முதல் ஆள் மிக நல்ல இடத்திலும் வைக்க மாட்டார், மிக மோசமான இடத்திலும் வைக்க மாட்டார்.

இரு பக்கமும் வெவ்வேறாக உள்ள விளையாட்டுகளில் சிக்கல் அதிகம். நம் ஆடுபுலி ஆட்டத்தில் ஒரு பக்கம் 3 புலி, மறுபக்கம் பொதுவாக 15 ஆடு. எத்தனை ஆடு, எத்தனை வெட்டினால் புலிக்கு வெற்றி என்பதெல்லாம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அந்த மாறுபாடுகளில் சிலவாவது, புலி ஒரேயடியாக ஜெயித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து யாரோ ஒரு திண்ணையில் செய்த திருத்தமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. இத்தகைய ஆட்டத்தைச் சோதிக்கும்போது பக்கம் மாற்றி மாற்றி ஆடியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் புலி வலுவா, புலியை ஆடிய சித்தப்பா வலுவா என்று பிரித்தறிய முடியாது.

எத்தனை ஆட்டம் ஆடினால் போதும்? பத்து ஆட்டத்தில் முதல் ஆள் ஏழு வென்றால் பெரும்பாலோர் உடனே விதியைத் திருத்தப் பாய்வார்கள். அவசரம் வேண்டாம். முற்றிலும் நியாயமான ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினாலே, ஏதோ ஒரு பக்கம் ஏழோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்று அதிகம். பத்து ஆட்டத்தில் 7-3 என்பது சந்தேகம் மட்டுமே. நூறு ஆட்டத்தில் 70-30 என்றால் அது தற்செயலாக இருக்க வழியே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் வீட்டில் நூறு ஆட்டத்துக்கு உட்காரப் போவது யார்?

ஆகவே வெற்றி தோல்வியை மட்டும் எண்ணாமல் ஒவ்வொரு ஆட்டத்திலிருந்தும் கூடுதலாகக் கறக்க வேண்டும். யார் எந்த இருக்கையில் இருந்தார், முதல் மூன்று முறையில் என்ன வாங்கினார், எத்தனையாவது முறையில் முடிந்தது, தோற்றவர் எப்போது தோற்றதாக உணர்ந்தார் என்று நான்கு குறிப்புகள் போதும். கடைசிக் குறிப்பு எதிர்பாராத அளவு பேசும். 12 முறை ஆட்டத்தில் தம்பி ஐந்தாம் முறையிலேயே "விடு, அவதான் ஜெயிப்பா" என்று சொல்லிவிட்டால், அவன் சரியா தப்பா என்பது இருக்கட்டும், மீதி ஏழு முறை அவன் மேசையில் இல்லை.

எண் எதுவும் பிடிபடாதபோது ஏலம் விடுவதும் ஒரு வழி. முதலில் ஆடும் உரிமைக்கு இருவரும் காசு கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் முதலில் ஆடுவார், தான் கேட்ட காசை மற்றவரின் தொடக்கக் கையிருப்பில் சேர்ப்பார். விளையாட்டில் பழகியவர்கள் பத்துப் பதினைந்து தடவை ஏலம் எடுத்தபின் தொகை ஓரிடத்தில் நிலைக்கும். அந்தத் தொகையையே விதியில் எழுதிவிடலாம்.

சுற்றை முழுசாக முடிக்கும் திருத்தம் இல்லாத பழைய 'சந்தை'யில் இந்த ஏலத்தை வைத்தால் அது 1 காசில் நிற்கும். 2 காசுக்குக் கேட்கிறவர் தோற்பார் என்பது இரண்டு ஆட்டத்தில் தெரிந்துவிடும். அதன்பின் அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் "ஒரு காசு" என்று கத்துவார்கள். யார் முதலில் கத்தினார்கள் என்பதுதான் அங்கே மிச்சமிருக்கும் ஆட்டம்.